தினமும் மூன்று மணி நேரம் பேருந்திலும் ரயிலிலும்: வயர்லெஸ் ஹெட்போன் தேர்ந்தெடுப்பது எப்படி

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். எத்தனை டெசிபல் இரைச்சலைக் குறைக்கும், எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்று பார்த்து, பெரிய எண் உள்ளதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஹெட்போன் உங்கள் காதில் இடைவெளியில்லாமல் உட்காரவில்லை என்றால் முதல் எண் உங்களுக்குக் கிடைக்காது. இரண்டாவது எண்ணோ வாங்கிய புதிதில் மட்டும்தான் அப்படி இருக்கும். எனவே முதலில் வண்டிச் சத்தம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பிறகு காதில் பொருத்தம், அதற்கப்புறம் பேட்டரி.

பேசுவதற்கு வசதியாக ஒரு பயணியை வைத்துக்கொள்வோம். கண்ணாடி அணிபவர். காலையில் 50 நிமிடம் பேருந்து, 40 நிமிடம் ரயில். மாலையில் அதே வழியாகத் திரும்புகிறார். நாளுக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், மொத்தம் 18 மணி நேரம். இந்த 18 என்ற எண் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

முதல் படி: எந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும்?

பேருந்துக்குள் இரண்டு விதமான சத்தம் இருக்கிறது. ஒன்று எஞ்சினின் உறுமல். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருளை வெடிக்கச் செய்யும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நொடிக்கு 25 சுற்று, அதாவது நொடிக்கு 75 வெடிப்பு. அதனால் எழும் அடிப்படைச் சத்தம் 75 ஹெர்ட்ஸ். நிறுத்தத்தில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது 30 ஹெர்ட்ஸ் வரைகூட இறங்கும். அதைக் காதால் கேட்பதைவிட இருக்கையில் அதிர்வாக உணர்வதே அதிகம். மற்றொன்று பேச்சு, ஹாரன், பிரேக் கிரீச்சிடுவது, ரயில் வளைவில் திரும்பும்போது சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கத்துவது. இவை சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்கிப் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் முதல் வகையைத்தான் திறமையாக அடக்கும். வெளியே உள்ள மைக் சத்தத்தைப் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்குகிறது, ஸ்பீக்கர் அதை வாசிக்கிறது. இரண்டும் காதுக்குள் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதற்குச் சரியான நேரம் அமைவது முக்கியம். எதிர் அலை 0.05 மில்லி விநாடி பிந்துகிறது என்று வையுங்கள். 75 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க 13 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். அதில் இந்தத் தாமதம் ஒரு தூசு. 3000 ஹெர்ட்ஸ் அலையோ 0.33 மில்லி விநாடியில் முடிந்துவிடும். அதே தாமதம் அங்கே அலையின் 15 சதவீதத்தையே தின்றுவிடும். அப்புறம் எங்கே அழிப்பது? இன்னும் கொஞ்சம் பிந்தினால் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவே செய்யும். இதனால்தான் விலை உயர்ந்த ஹெட்போனிலும் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவது கேட்கிறது. அது ஹெட்போனின் பழுது இல்லை.

மேல் ஸ்தாயிச் சத்தங்களைத் தடுப்பது காதை மூடியிருக்கும் குஷனும் சிலிக்கான் முனையும்தான். காதில் பஞ்சு வைத்தால் சத்தம் குறைவது போலத்தான் இதுவும். ஆக, வண்டியில் வேலை செய்ய வேண்டியவை இரண்டு: கீழ்ச் சத்தத்துக்கு மின்னணு, மேல் சத்தத்துக்கு அடைப்பு. அந்த மின்னணுவும் அடைப்பு சரியாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

பெட்டியில் "50 டெசிபல் வரை" என்று போட்டிருந்தால், "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த ஒரு அதிர்வெண்ணில் அதிகமாகக் குறைகிறதோ அந்த உச்சத்தைத்தான் அப்படிப் போடுகிறார்கள். எல்லாச் சத்தமும் அந்த அளவு குறையும் என்று அர்த்தமில்லை.

இன்னொரு எழுத்துக் குழப்பம் புதியவர்களை நிறையவே ஏமாற்றுகிறது. ஏ.என்.சி. என்று இருந்தால் அது நீங்கள் கேட்கும் சத்தத்தைக் குறைப்பது. ஈ.என்.சி. என்று இருந்தால் அது அழைப்பின்போது உங்கள் மைக்கில் சேரும் இரைச்சலைக் குறைப்பது. அதனால் பயன் எதிர்முனையில் இருப்பவருக்கு, உங்களுக்கு இல்லை. விலை குறைந்த பல இயர்பட்களில் ஈ.என்.சி. மட்டுமே இருக்கும், அட்டையிலோ "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று பெரிதாக இருக்கும். ஏ.என்.சி. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா, அதை இயக்கவும் அணைக்கவும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் குறைந்தால் என்ன லாபம்?

வண்டிச் சத்தம் அதிகமாக இருந்தால் பாட்டை அதற்கு மேலே ஏற்றித்தான் கேட்போம். உலகச் சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து தந்த வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் பாதுகாப்பானது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரம், 86 டெசிபலில் 10 மணி நேரம், 89 டெசிபலில் 5 மணி நேரம்.

நம் பயணிக்கு வாரம் 18 மணி நேரம். 83 டெசிபலுக்குள் கேட்டால் கணக்கு சரியாக நிற்கும். பேருந்துச் சத்தத்தை மிஞ்ச வேண்டி 86க்கு ஏற்றினால், திங்களன்று தொடங்கிய வாரத்துக்கான அளவு வியாழக்கிழமை காலையே தாண்டிவிடும். வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு அது பெரிதாகத் தெரியவும் தெரியாது, அதுதான் ஆபத்து. தினமும் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இரைச்சல் நீக்கம் ஆடம்பரம் இல்லை என்று நாங்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இதை அளக்கக் கருவி தேவையில்லை. வீட்டில் அமைதியான அறையில், உங்களுக்குப் பிடித்த பேச்சு நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் ஒலியை வையுங்கள். போனின் ஒலிப்பட்டை எத்தனையாவது படியில் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான போன்களில் மொத்தம் 15 அல்லது 16 படிகள். பிறகு ஓடும் பேருந்தில் அதே நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஒன்றிரண்டு படி ஏற்றினால் போதும் என்றால் ஹெட்போன் தன் வேலையைச் செய்கிறது. நான்கைந்து படி ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது.

இரண்டாம் படி: காதை மூடுவதா, காதுக்குள் செருகுவதா?

நீண்ட பயணத்துக்கு இரண்டு வடிவங்களைத்தான் பரிசீலிக்க வேண்டும். காது மடலை முழுவதும் சூழ்ந்து மூடும் பெரிய ஹெட்போன், காதுத் துளைக்குள் சிலிக்கான் முனையோடு செருகும் இயர்பட். முனையே இல்லாமல் காது வாயிலில் சும்மா தொங்கும் இயர்பட்களிலும் ஏ.என்.சி. வருகிறது. அடைப்பு இல்லாததால் மேல் சத்தம் தாராளமாக உள்ளே வரும், கீழ்ச் சத்தமும் பாதிதான் அடங்கும். காது மடலின் மேல் அழுந்தி உட்காரும் சிறிய வகை அரை மணி நேரத்தில் மடலை வலிக்க வைத்துவிடும். இரண்டையும் விட்டுவிடலாம்.

மீதமுள்ள இரண்டில் எது என்பதை நீங்கள் பயணம் செய்யும் விதம் தீர்மானிக்கும். ஜன்னலிலோ இருக்கையின் பக்கவாட்டிலோ தலை சாய்த்துத் தூங்குகிறவர் பெரிய ஹெட்போன் வாங்கினால் வருத்தப்படுவார். ஜன்னல் கண்ணாடியின் அதிர்வு, காதை மூடும் கிண்ணம் வழியாக நேராகக் காதுக்குள் இறங்கும். சாய்ந்த பக்கம் குஷன் நசுங்கி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு கசியும். அவருக்கு இயர்பட்தான் சரி. கூட்டத்தில் நின்றுகொண்டு போகிறவருக்கு இயர்பட்டில் ஒரு பயம் உண்டு. யாராவது இடித்தால் ஒரு பக்கம் கழன்று விழும், ரயில் வாசலில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. வெயில் காலத்தில் பெரிய ஹெட்போனின் செயற்கைத் தோல் குஷன் காதைச் சுற்றி வியர்க்க வைக்கும். துணி குஷன் காற்றோட்டமாக இருக்கும், ஆனால் சத்தத்தைச் சற்றுக் கூடுதலாக உள்ளே விடும்.

காதுக்குள் எதையும் செருகினால் அரிப்பு வருபவர்கள், காதில் அடிக்கடி தொற்று வருபவர்கள் யோசிக்கவே வேண்டாம், பெரிய ஹெட்போனுக்குப் போய்விடுங்கள். வியர்வையோடு மணிக்கணக்கில் துளையை அடைத்து வைப்பது அந்தக் காதுகளுக்கு நல்லதில்லை.

மூன்றாம் படி: கசிவைக் கண்டுபிடிப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வாங்கிய ஹெட்போன் "சரியில்லை" என்று தோன்றும்போது காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

கீழ் ஸ்தாயி ஒலிக்கு ஒரு குணம் உண்டு. சிறு இடைவெளி கிடைத்தாலும் அதன் வழியாக வெளியேறிவிடும். எதிர் அலையும் கீழ் ஸ்தாயிதான், பாட்டின் அடித்தொனியும் கீழ் ஸ்தாயிதான். எனவே கசிவு இருந்தால் இரண்டும் சேர்ந்து போகும். உறுமல் அடங்காது, பாட்டும் தகரத்தில் கேட்பது போல மெலிந்துவிடும். இந்த இரண்டும் ஒன்றாக நடந்தால் அது கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஹெட்போனில் இதைச் சோதிக்க, அடித்தொனி அழுத்தமாக வரும் ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு சேர்த்து அழுத்துங்கள். அழுத்தியதும் அடித்தொனி சட்டென்று கூடினால், அழுத்தாதபோது கசிகிறது என்று பொருள். ஒன்றும் மாறவில்லை என்றால் பொருத்தம் சரி. கண்ணாடி அணிபவர் இதைக் கண்ணாடியோடு செய்ய வேண்டும். கண்ணாடியின் கை குஷனுக்கு அடியில் போகும் இடத்தில், மடலுக்கு மேலேயும் பின்னேயும் சிறு சந்து உண்டாகும். மெல்லிய உலோகக் கையென்றால் மிருதுவான, தடித்த குஷன் அதைச் சூழ்ந்து மூடிவிடும். தடித்த பிளாஸ்டிக் கையென்றால் பெரும்பாலும் மூடாது. மேலும் இறுக்கமான ஹெட்போன் அந்தக் கையைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்து அழுத்தும். வலி உடனே தெரியாது, இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். தடித்த சட்டம் போட்டவர்களுக்கு இயர்பட்டையே நாங்கள் முதலில் பரிந்துரைப்போம்.

இயர்பட்டில் கசிவுக்குக் காரணம் அநேகமாகத் தவறான முனை. பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வரும். நடுத்தரம் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பலர் மற்ற இரண்டையும் தொடுவதே இல்லை. மூன்றையும் போட்டுப் பாருங்கள். காது மடலை எதிர்க்கையால் சற்று மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, இயர்பட்டைச் செருகி, லேசாகத் திருப்பி உட்கார வையுங்கள். பிறகு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளேயே கும்மென்று ஒலித்தால் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு காதில் மட்டும் அப்படிக் கேட்டால் மறு காதின் முனை அளவு தவறு. இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது சாதாரணம். பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள், இரண்டு பக்கமும் தலையைத் திருப்புங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவம் மாறும், அப்போது அடைப்பு விட்டால் ஒரு அளவு பெரியதைப் பாருங்கள். பெரியது வலித்தால் நுரை முனை வாங்கிப் போடலாம். அதை விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் உள்ளே விரிந்து துளைக்கு ஏற்றபடி உட்காரும். சில மாதங்களில் தேய்ந்துபோகும் என்பதுதான் அதில் குறை.

நான்காம் படி: கடையில் அரை மணி நேரம்

அமைதியான கடையில் இரைச்சல் நீக்கத்தைச் சோதிப்பதில் பயனில்லை. போனில் பேருந்துச் சத்தத்தை ஓடவிட்டுப் பார்ப்பதும் வீண், போனின் குட்டி ஸ்பீக்கரால் 75 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பவே முடியாது. ஏசி, பெரிய மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி போல உறுமும் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அனுமதித்தால் வாசலுக்கு வந்து சாலையோரம் நிற்பது இன்னும் நல்லது.

பாட்டு எதுவும் ஓடவிடாமல் ஏ.என்.சி.யை அணைத்து, இயக்கி, மறுபடி அணைத்துப் பாருங்கள். மூன்று முறை செய்தால் போதும். உறுமல் தெளிவாகப் போய் வர வேண்டும். இயக்கியதும் மெல்லிய "ஸ்ஸ்" என்ற இரைப்பு கேட்டால் கவலைப்பட வேண்டாம், வண்டியில் அது மறைந்துவிடும். ஆனால் இயக்கியதும் காதுக்குள் யாரோ உறிஞ்சுவது போல அழுத்தமோ லேசான தலைச்சுற்றலோ வந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. தினமும் 3 மணி நேரம் அதோடு இருக்க வேண்டியவர் நீங்கள். ஏ.என்.சி. அளவைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள வேறொன்றைப் பாருங்கள்.

பிறகு அதைக் கழற்றாமல், மற்றவற்றைப் பார்வையிட்டுக்கொண்டே கடைக்குள் நடந்துகொண்டிருங்கள். மாட்டிய நிமிடத்தில் எல்லா ஹெட்போனும் சுகமாகத்தான் இருக்கும். பெரிய ஹெட்போன் மூன்று இடத்தில் காட்டிக்கொடுக்கும்: உச்சந்தலை, கண்ணாடியின் கை, காது மடலின் நுனி. உச்சந்தலையில் உறுத்தினால் எடை கூடுதல் அல்லது பட்டையின் மெத்தை போதாது. 250 கிராம் சுற்றுவட்டாரத்தில் இருப்பது நீண்ட நேரத்துக்கு ஏற்றது. 350 கிராமைத் தாண்டினால் கழுத்து உணரத் தொடங்கும். மடலின் நுனி உள்ளே எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் கிண்ணம் ஆழம் போதவில்லை. அந்த இடம் பழகப் பழகச் சரியாகாது, நாள் செல்லச் செல்ல வலிக்கத்தான் செய்யும். இறுக்கம் மட்டும் சில வாரத்தில் கொஞ்சம் தளரும்.

ஐந்தாம் படி: பேட்டரியை வருடத்தில் கணக்கிடுங்கள்

அட்டையில் இருக்கும் பெரிய எண் பெரும்பாலும் ஏ.என்.சி.யை அணைத்து, பாதி ஒலியில் கேட்டால் வருவது. "ஏ.என்.சி. இயக்கத்தில்" என்று சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும், அதை எடுங்கள். இயர்பட்டுக்கு "மொத்தம் 30 மணி நேரம்" என்றால் அது பெட்டியில் உள்ள சார்ஜையும் சேர்த்த கணக்கு. ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் என்பதுதான் வண்டியில் உதவும்.

நம் பயணி இரண்டு பொருள்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஒன்று ஏ.என்.சி.யோடு 5 மணி நேரம் ஓடும் இயர்பட், மற்றது 30 மணி நேரம் ஓடும் பெரிய ஹெட்போன். ஒருவழிப் பயணம் ஒன்றரை மணி நேரம்தான், இடையில் இயர்பட் பெட்டிக்குள் போய்ச் சார்ஜ் ஏறிவிடும். அப்படியானால் 5 மணி நேரமே தாராளம் என்று தோன்றும். இன்றைக்குத் தாராளம்தான்.

லித்தியம் பேட்டரி முழுதாகத் தீர்ந்து நிறைவதை ஒரு சுற்று என்கிறோம். இரண்டு அரைச் சார்ஜ் சேர்ந்தால் ஒரு சுற்று. சுமார் 300 முதல் 500 சுற்றுக்குள் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்குவது இயல்பு. இயர்பட்டில் நாளுக்கு 3 மணி நேரம் என்றால் 5இல் 3, அதாவது 0.6 சுற்று. வருடத்தில் 300 நாள் பயணம் போனால் 180 சுற்று. இரண்டு வருடம் முடியும்போது 360. ஆக, 5 மணி நேரம் என்பது ஏறக்குறைய 4 ஆகியிருக்கும். மூன்றாம் வருட முடிவில் 540 சுற்று, இன்னும் வேகமாகச் சரியும். பெரிய ஹெட்போனுக்கோ நாளுக்கு 0.1 சுற்றுதான். வருடத்துக்கு 30, மூன்று வருடம் ஆனாலும் 90. சுற்றுக் கணக்கில் அது இன்னும் புதுசு. ஆண்டுகள் ஓடுவதால் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இயர்பட்டில் இன்னொன்றும் நடக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் தேயாது. அழைப்புக்கு எப்போதும் வலது பக்கத்தை மட்டும் காதில் வைத்துப் பேசுபவருக்கு வலது பக்கம் முதலில் ஓயும். இடது இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் நிலையில் வலது கீச்சென்று எச்சரித்து அணையும். அதைப் பெரும்பாலும் பிரித்து மாற்ற முடியாது.

இதிலிருந்து நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல்: இயர்பட் என்றால், ஏ.என்.சி.யோடு ஓடும் நேரம் உங்கள் ஒருவழிப் பயணத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். ஒன்றரை மணி நேரப் பயணிக்கு நாலரை. வழியில் அழைப்புகள் நிறையப் பேசுபவர் நான்கு மடங்கு பாருங்கள், மைக்குகள் இயங்கும்போது சார்ஜ் வேகமாக இறங்கும். பெரிய ஹெட்போனில் 25, 30 மணி நேரத்துக்கு மேல் எத்தனை இருந்தாலும் பெரிய பயனில்லை. அங்கே பிரச்சினை சார்ஜ் போட மறப்பதுதான். வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போட்டால் ஓரிரு மணி நேரம் ஓடும் விரைவுச் சார்ஜ் இருந்தால் மறந்த நாளிலும் தப்பிக்கலாம். சில ஹெட்போன்கள் சார்ஜ் ஏறும்போது வேலை செய்யாது என்பதை வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடும் வண்டியில் வரும் மூன்று தொல்லைகள்

ஜன்னல் திறந்த பேருந்தில் காற்று நேராக வெளி மைக்கில் அடித்தால், ஹெட்போன் அதையும் சத்தம் என்று நினைத்து எதிர் அலை போடும். காதுக்குள் புயல் வீசுவது போல இரையும். ஆப்பில் காற்றிரைச்சல் குறைப்பு இருந்தால் இயக்குங்கள், இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்கு ஏ.என்.சி.யை அணைத்துவிடுங்கள். நன்றாக அடைக்கும் முனை அப்போதும் பாதி வேலையைச் செய்யும். எப்போதும் திறந்த ஜன்னலில் போகிறவர் ஏ.என்.சி.க்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அடைப்பு நன்றாக உள்ளதை வாங்கலாம்.

பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது காதில் "தொப்" என்று ஒரு அடி விழுவது இரண்டாவது. ஹெட்போன் குலுங்கும்போது காதுக்குள் அடைபட்டிருக்கும் காற்று அழுந்துகிறது, உள் மைக் அதைப் பெரிய சத்தமாகப் பிடித்துத் திணறுகிறது. மலிவான இயர்பட்களில் இது அதிகம். தண்டவாள இணைப்புகளில் தடதடக்கும் ரயிலிலும் வரும். ஏ.என்.சி.யை ஒரு படி குறைத்தால் அநேகமாக நிற்கும். குறைக்க வழியே இல்லாத பொருள் என்றால் திருப்பிக் கொடுக்க அது நியாயமான காரணம்.

மூன்றாவது, கூட்டத்தில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்பது. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் உறிஞ்சும். போன் பின்பாக்கெட்டில், சுற்றிலும் ஆட்கள், எல்லோரிடமும் ஆளுக்கொரு ப்ளூடூத் என்றால் தடுமாறத்தான் செய்யும். போனைச் சட்டைப் பைக்கோ தோள்பையின் மேல் அறைக்கோ மாற்றுங்கள். எல்.டி.ஏ.சி. போன்ற உயர்தர ஒலி முறையை இயக்கியிருந்தால் ஆப்பில் "இணைப்புக்கு முன்னுரிமை" என்பதைத் தேர்ந்தெடுங்கள் அல்லது அதை அணைத்து, குறைவான தரவு அனுப்பும் ஏ.ஏ.சி. முறைக்கு மாறுங்கள். அனுப்ப வேண்டிய தரவு குறைந்தால் தடுமாற்றமும் குறையும், பேட்டரியும் கொஞ்சம் மிச்சமாகும். ஓடும் வண்டியின் சத்தத்தில் ஒலித்தர வித்தியாசம் கேட்காது.

இறங்கும் இடம் தவறாமல் இருக்க, வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதி அவசியம். அதை ஒரே அழுத்தில் இயக்க முடிகிறதா என்று பாருங்கள். நெருக்கடியில் நிற்பவருக்குத் தொட்டு இயக்கும் பரப்பைவிட அழுத்தும் பொத்தான் நல்லது. பக்கத்தில் நிற்பவரின் தோள் பட்டாலே பாட்டு மாறும், வியர்வை விரலுக்குத் தொடுதல் பதில் சொல்லாது. சாலையில் நடக்கும்போதும், கடக்கும்போதும் ஏ.என்.சி. வேண்டாம். மழையிலும் வியர்வையிலும் போகிறவருக்கு இயர்பட்டில் ஐ.பி.எக்ஸ்.4 என்ற தெறிப்புத் தாங்கும் தரம் போதும். பெரிய ஹெட்போன்களில் பலவற்றுக்கு அந்தத் தரமே இருக்காது, மழை வந்தால் பைக்குள் போக வேண்டும்.

முதல் வாரமும் அதற்குப் பிறகும்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் முழுப் பயணத்தையும் குறைந்தது நான்கு நாள் அதோடு போய்வாருங்கள். அட்டையையும் பெட்டியையும் கிழிக்காமல் வைத்திருங்கள். முதல் நாள் ஒலிப்படியை எண்ணுங்கள். இரண்டாம் நாள் வழக்கமாகத் தூங்கும் நிலையில் தூங்கிப் பாருங்கள். மூன்றாம் நாள் மிகவும் கூட்டமான வண்டியில் ஏறுங்கள். நான்காம் நாள் இறங்கியதும் கழற்றிவிட்டு, காதைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். அழுத்தினால் வலிக்கும் இடம் ஏதாவது இருந்தால், அது நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதைக் கவனித்து முடிவெடுங்கள்.

ஓராண்டு, ஈராண்டு கழித்து "முன்பு போல இரைச்சல் அடங்கவில்லை" என்று தோன்றினால் உடனே புதிது வாங்கப் போகாதீர்கள். பெரிய ஹெட்போனில் குஷனைக் கழற்றி விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். செயற்கைத் தோல் வியர்வையில் வெடித்து உதிர்ந்திருக்கும், உள்ளே நுரை தட்டையாகியிருக்கும். பல மாடல்களுக்குக் குஷன் தனியாகக் கிடைக்கும், மாற்றினால் கசிவு நின்றுவிடும். வாங்கும்போதே அது கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இயர்பட்டில் ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்தால் சிலிக்கான் முனையைக் கழற்றி, அடியில் உள்ள சல்லடையைப் பாருங்கள். காதழுக்கு அடைத்திருக்கும். சல்லடையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசியால் குத்தினால் அழுக்கு உள்ளே போய்விடும், சல்லடையும் கிழியும். முனைகளை மட்டும் வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.